ரிசெப்ஷனில் மைக் பிடிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: ஆலத்தி முதல் சாப்பாட்டு அறிவிப்பு வரை

திருகோணமலையிலும் அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர், சிநேகிதர் வீட்டு ரிசெப்ஷன்களில் பல வருடமாக மைக் பிடிக்கிறேன். இது என் தொழில் இல்லை, கேட்டால் போவேன், அவ்வளவுதான். ஒவ்வொரு கலியாண சீசனிலும் யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ போன் எடுத்து இதே கேள்விகளைக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, நான் முதல் தடவை செய்யப் போறன். எல்லாத்தையும் எழுதி வைச்சு அப்பிடியே வாசிச்சாச் சரிதானே?

எழுதி வையுங்கள், ஆனால் கட்டுரையாக எழுத வேண்டாம். நாலு பக்கத் தாளை மைக் முன்னால் பிடித்தால் கை நடுங்குவது தாளில் தெரியும், நடுவில் ஒரு நிகழ்ச்சி முன்பின் மாறினால் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும். நான் தபால் அட்டை அளவில் தடித்த அட்டை வெட்டி, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு அட்டை என்று எழுதுவேன். பத்துப் பன்னிரண்டு அட்டை போதும். ஒழுங்கு மாறினால் அட்டையை மாற்றி அடுக்கினால் சரி.

ஒவ்வொரு அட்டையிலும் மூன்று விஷயம் இருக்கும். மேலே, எதைக் கண்ட பிறகு இதைச் சொல்ல வேண்டும் என்பது. நடுவில், சொல்ல வேண்டிய வசனம், பெரிய எழுத்தில், இரண்டு மூன்று வரிக்கு மேல் இல்லாமல். கீழே, சொல்லி முடித்ததும் யாரைப் பார்க்க வேண்டும் என்பது: சவுண்ட்காரரா, வீடியோக்காரரா, மாப்பிள்ளையின் மாமாவா. பெயர்களை மட்டும் காதில் விழுகிற மாதிரி உடைத்து எழுதுங்கள். அழைப்பிதழில் அச்சடித்த பெயரும் வீட்டில் கூப்பிடுகிற உச்சரிப்பும் பல நேரம் வேறாக இருக்கும், அதை முதல் நாளே இரண்டு வீட்டாரிடமும் சொல்லச் சொல்லிக் கேட்டு வையுங்கள்.

7.00 நுழைவு, 7.15 விளக்கு, 7.30 கேக் எண்டு நேரம் போட்டுத் தந்திருக்கினம். அதைப் பின்பற்றினாக் காணும்தானே?

காணாது. அந்த நேரப் பட்டியல் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் வேண்டியது. உங்களுக்கு வேண்டியது அட்டையின் மேல் வரி, அதாவது அடையாளம். “7.15க்கு விளக்கு” என்று இல்லாமல், “விளக்கில் எண்ணெய் விட்டாயிற்று, தீப்பெட்டி தோழன் கையில், ஏற்றுகிற ஐந்து பேரும் மேடையடியில்” என்று எழுதுங்கள். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வாயைத் திறப்பது.

காரணம் எளிது. நீங்கள் “இப்போது மங்கல விளக்கேற்றல்” என்று சொன்ன பிறகு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காவிட்டால் சபை கதைக்கத் தொடங்கும். கதைக்கத் தொடங்கிய 300 பேரைத் திரும்ப அடக்குவது, தொடக்கத்தில் அடக்குவதை விடக் கஷ்டம். தாமதமாக அறிவித்தால் யாருக்கும் தெரியாது. முந்தி அறிவித்தால் எல்லாருக்கும் தெரியும்.

பொம்பிளை மாப்பிள்ளை உள்ளுக்கு வரேக்க என்ன சொல்றது? பாட்டுச் சத்தத்தில நான் சொல்றது ஒருத்தருக்கும் கேக்காதே.

கேட்காதுதான். அதனால் பாட்டுக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். “மணமக்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அனைவரும் எழுந்து நின்று அவர்களை வரவேற்போம்.” இவ்வளவுதான். சொல்லிவிட்டு சவுண்ட்காரருக்குக் கை காட்டுங்கள், பாட்டு ஏறட்டும், நீங்கள் மேடையோரம் ஒதுங்குங்கள். நடந்து வருகிற நேரம் முழுக்க வர்ணனை செய்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. வீடியோவில் அது எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால் விட்டுவிடுவார்கள்.

ஆட்களை அறிமுகப்படுத்துவது அவர்கள் கதிரையில் அமர்ந்த பிறகு. அங்கே ஒரு இடம் கவனிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் அழைப்பிதழில் “அமரர்” என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லாத குடும்பம் குறைவு. துள்ளல் இசைக்கு நடுவில் அதே குரலில் அமரர் இன்னார் என்று வாசித்தால், முன்வரிசையில் இருக்கிற தாய் அந்த இடத்திலேயே அழுதுவிடுவார், நான் பார்த்திருக்கிறேன். இசையை முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தி அந்தப் பெயரைச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விட்டுப் பிறகு உயிரோடு இருக்கிறவரின் பெயருக்கு வாருங்கள். பெயரையே விட்டுவிடச் சொல்கிற வீடும் உண்டு. எதுவென்று முதலே கேளுங்கள்.

ஆலத்தி, விளக்கு, கேக் எல்லாம் அடுத்தடுத்து வருது. இடையில என்ன பேசுறது?

முடிந்த அளவு ஒன்றும் பேச வேண்டாம். முடிந்ததைப் பற்றி ஒரு வசனம், வரப்போவதைப் பற்றி ஒரு வசனம், அந்த இரண்டும்தான் பாலம். “பெரியவர்கள் ஏற்றிய விளக்கு எரிகிறது. அதே பெரியவர்களின் ஆசியோடு மணமக்கள் இப்போது கேக் வெட்டுவார்கள்.” இதற்கு மேல் அன்பு, பண்பு, அறன் என்று அடுக்கினால் தோழி கையில் கத்தியோடு நின்றுகொண்டே இருப்பாள்.

ஆலத்தியில் பேர் சொல்லாதீர்கள். “மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கப்படும்” என்று பொதுவாகச் சொல்வது பாதுகாப்பு. யார் எடுப்பது என்பது கடைசி நிமிடத்தில் இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் முடிவாகிற விஷயம். மாப்பிள்ளையின் அம்மா எடுப்பார் என்று நீங்களாக மைக்கில் சொல்லி, கணவனை இழந்தவர் என்பதால் அவர் எழும்பாமல் இருந்துவிட்டால் அந்த அமைதியை உங்களால் நிரப்ப முடியாது. எடுக்கத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிற வீடுகளும் இப்போது இருக்கின்றன, எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் அது அவர்கள் முடிவு.

விளக்குக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. மண்டபத்தில் என்றால் மேடைக்கு மேலே உள்ள மின்விசிறியை நிறுத்த ஒரு ஆளை முதலே சொல்லி வையுங்கள், அதையும் அட்டையின் மேல் வரியில் எழுதுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் புல்வெளியில் வைத்தால் நடுவருடத்தில் கச்சான் காற்று விடாது. திரியின் நுனியில் ஒரு சின்னக் கற்பூரத் துண்டை வைத்தால் சட்டென்று பிடிக்கும், நாலைந்து பேர் ஏற்றி முடியும் வரை தாங்கும். அப்போதும் அணைந்தால் அணைந்துவிட்டது என்று மைக்கில் சொல்லாதீர்கள். அடுத்தவர் பெயரைக் கூப்பிடுங்கள், அவர் ஏற்றுவார்.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருத்தர் வாழ்த்துரை குடுக்கப் போறார். மைக் குடுத்தா விடமாட்டார் எண்டு எல்லாரும் சொல்லினம். எப்பிடி நிப்பாட்டுறது?

மேடையில் நிறுத்த முடியாது. அதற்கு முன்னால்தான் நிறுத்த வேண்டும். அவர் வந்து அமர்ந்ததும் போய் வணங்கி, “சேர், நீங்கள் பேசின உடனே சாப்பாட்டை அறிவிக்கச் சொல்லியிருக்கினம், மூன்று நிமிடத்தில் ஆசி சொன்னால் சரி சேர்” என்று சொல்லுங்கள். சாப்பாட்டை மறித்த ஆள் என்ற பேர் எடுக்க யாருக்கும் விருப்பம் இல்லை. கூப்பிடும்போதும் அதையே மரியாதையாகச் சேருங்கள்: “மணமகனின் ஆசான், மூன்று நிமிட ஆசியுரைக்காக அன்போடு அழைக்கிறோம்.” நேரத்தை 300 பேர் கேட்டுவிட்டார்கள்.

அதையும் தாண்டி எட்டாவது நிமிடம் போனால், அவர் கண்ணில் படுகிற மாதிரி மேடைப் படியில் ஏறி, கையைக் கட்டி, சிரித்த முகத்தோடு நில்லுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அடுத்த பழமொழியோடு முடித்துவிடுவார். பேச்சாளர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஐந்து பேரை எழுதித் தந்தால் இரண்டு பேரைச் சாப்பாட்டுக்கு முன்னால், மற்றவர்களைக் குடும்பப் படத்துக்கு நிற்கும்போது ஆளுக்கொரு வசனம் என்று பிரித்துவிடுங்கள்.

சாப்பாட்டை எந்த நேரம் அறிவிக்கிறது? மாமா ஒருத்தர் “இப்ப சொல்லு” எண்டுறார், இன்னொருத்தர் “பொறு” எண்டுறார்.

இதில்தான் முழு மாலையும் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சாப்பாட்டு அறிவிப்பு மற்ற அறிவிப்புகள் மாதிரி இல்லை. அதைச் சொன்ன பிறகு சபை திரும்பி வராது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் கை கழுவிவிட்டு அப்படியே வாசலுக்குப் போவார்கள், வெளியூர் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஆகவே எல்லாரும் பார்க்க வேண்டியது எதுவோ அது சாப்பாட்டுக்கு முன்னால், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்பது பின்னால்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கம் ஒரு மண்டபம், 320 பேர் அளவில். அழைப்பிதழில் 6.30. அலங்காரம் முடிந்து பொம்பிளை வந்து சேர 7.25. விளக்கு, ஆலத்தி, கேக் முடிய 8.00. இரண்டு பேர் பேசினார்கள், இன்னும் இருவர் இருந்தார்கள். 8.20க்கு ஒரு மாமா வந்து காதில், “சனம் பசியில இருக்கு, சொல்லு தம்பி, சாப்பாடு ரெடி” என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை, அறிவித்துவிட்டேன். 100 பேர் ஒரே நேரத்தில் எழும்பிப் போனார்கள். கறிகள் மேசையில் இருந்தன, ஆனால் சோறு இன்னும் அடுக்களையில், கோப்பைகள் பெட்டியில். வரிசையில் வெறுங்கையோடு 20 நிமிடம் நின்றார்கள். மேடையில் மூன்றாவது பேச்சாளர் முதுகுகளைப் பார்த்து வாழ்த்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டார் இன்றைக்கும் என்னோடு நல்லமாதிரித்தான், ஆனால் அந்த வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு அட்டையின் மேல் வரியில் மூன்று அடையாளம் எழுதுகிறேன்: சோறு மேசையில், மூடிகள் திறந்து கரண்டி உள்ளே, பரிமாறுகிறவர்கள் மேசைக்குப் பின்னால். “ரெடி” என்று யார் சொன்னாலும் நான் போய்ப் பார்ப்பேன், அல்லது இதற்கென்றே ஒரு தம்பியை நிறுத்தி, அவன் கதவடியில் நின்று கையை உயர்த்தினால்தான் சொல்வேன். மாமாக்களுக்கும் இது வசதி. “நான் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் மாமா” என்றால் கோபிக்க ஆளில்லை.

அடுத்தது, எல்லாரையும் ஒன்றாக எழுப்பக் கூடாது. நான் நின்று பார்த்த அளவில் பஃபே மேசையின் ஒரு பக்கத்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு பேர்தான் கோப்பை நிரப்பி நகர்வார்கள். மேசையின் இரண்டு பக்கத்தாலும் விட்டால் பத்துப் பன்னிரண்டு. 320 பேருக்கு அது அரை மணித்தியாலம். அதனால் பகுதி பகுதியாகக் கூப்பிடுங்கள்: “முதலில் பெரியவர்கள், சிறு பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார். பிறகு மேடைக்கு முன்னுள்ள நாலு வரிசை. மற்ற வரிசைகளை நான் அழைப்பேன், அதுவரை மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம்.” கடைசி வசனம் முக்கியம், காத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு வேலையைக் கொடுக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் 8.30க்கு மேல் தாங்க மாட்டார்கள். அப்படி இருக்கிற பெரியவர்களை வீட்டாரிடம் கேட்டு, அறிவிப்பு இல்லாமல் முதலே அழைத்துப்போய் அமர்த்தச் சொல்லுங்கள்.

இடம் சொல்லும்போது இடது, வலது வேண்டாம். மேடையில் நிற்கிற உங்களுக்கு இடது, சபைக்கு வலது. “சைவச் சாப்பாடு வாசல் பக்கம், அசைவம் கடல் பக்கம்” என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைக் காட்டுங்கள். சைவக்காரர் அசைவ வரிசையில் பாதி தூரம் வந்து திரும்புவது இதனால்தான். இறைச்சி ஹலாலாக இருந்தால் அதையும் அறிவிப்பிலேயே ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள், முஸ்லிம் விருந்தினர் ஒவ்வொருவரும் மெதுவாக வந்து கேட்க வேண்டியிராது.

எல்லாம் முடிஞ்சுது, ஆனா சாப்பாடு வரேல்ல. இப்ப என்ன செய்யிறது?

மைக்கில் மன்னிப்புக் கேட்காதீர்கள், சாப்பாடு தாமதம் என்று சொல்லவும் வேண்டாம். மேல் பதிலில் பின்னால் தள்ளியதை முன்னால் இழுங்கள். குடும்பப் படத்தை அழைக்கலாம், “மணமகனின் தாய்வழி உறவுகள் மேடைக்கு வரவும்” என்று ஒவ்வொரு பக்கமாகக் கூப்பிட்டால் 15 நிமிடம் தாராளமாகப் போகும், அதுவும் உண்மையான வேலை. இதற்காகவே “இருந்தால் மட்டும்” என்று தலைப்புப் போட்டு இரண்டு அட்டை தனியாக வைத்திருப்பேன். ஒன்று குடும்பப் படம், மற்றது வெளிநாட்டில் இருந்து வந்த வாழ்த்துச் செய்திகள். கனடாவில் இருக்கிற சித்தப்பா அனுப்பிய நாலு வரியை வாசித்தால் அந்தப் பக்கச் சொந்தம் முழுக்கக் காது கொடுக்கும்.

பகிடிகளை நம்ப வேண்டாம். ஓடாத பகிடி ஒன்று, ஓடின பத்துப் பகிடியையும் மறக்கடிக்கும். மாப்பிள்ளையின் பழைய கதைகள் அறவே வேண்டாம், தோழன் எழுதித் தந்தாலும்.

எங்கட மண்டபத்தில சிங்கள ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் கனபேர் வருவினம். எல்லாத்தையும் மூண்டு பாஷையிலயும் சொல்லோணுமா?

இல்லை. வரவேற்பும் சாப்பாட்டு அறிவிப்பும் மட்டும் போதும், மற்றது கண்ணால் பார்த்தால் விளங்கும். தொடக்கத்தில் “வணக்கம், ஆயுபோவன், அஸ்ஸலாமு அலைக்கும்” என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லுங்கள். முஸ்லிம் விருந்தினருக்குத் தமிழ்தான் தாய்மொழி, அவர்களுக்குத் தனி அறிவிப்பு வேண்டாம். சிங்களத்தில் சாப்பாட்டுக்கு அழைக்கிற வசனத்தை, “கருணாகர கெமட்ட என்ன” என்கிற அளவில், ஒரு சிங்களச் சிநேகிதரிடம் கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்துப் பழகுங்கள். அந்த ‘கெ’ தமிழ் எழுத்தில் சரியாக வராது. அந்த ‘என்ன’வுக்கு ‘வாருங்கள்’ என்று அர்த்தம், கேள்வி கேட்கிற தொனியில் இழுத்துவிட்டால் எங்கள் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். முதல் தடவை எனக்கும் அதுதான் நடந்தது.

மக்ரிப் நேரம் நடுவில வருமே, நிகழ்ச்சியை நிப்பாட்டுறதா?

பெரும்பாலும் நிறுத்த வேண்டி வராது. இங்கே சூரியன் மறைவது வருடத்தின் காலத்தைப் பொறுத்து ஏறத்தாழ 5.45க்கும் 6.30க்கும் இடையில், மக்ரிப் அதை ஒட்டித்தான். மணமக்கள் 7 மணிக்கு முன் வருவது அபூர்வம். ஆனால் அருகில் பள்ளிவாசல் இருந்து பாங்கு கேட்டால், அந்த நேரம் பாட்டைக் குறைக்கச் சவுண்ட்காரரிடம் சொல்லுங்கள், நீங்களும் பேசாமல் இருங்கள். கோயில் மணிக்கும் தேவாலய மணிக்கும் அதேதான். அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டாம், சும்மா செய்தால் போதும்.

கரண்ட் போனா?

ஜெனரேட்டர் பிடிக்கும் வரை பேசாமல் நில்லுங்கள். மைக் இல்லாமல் கத்தினால் பின்வரிசை பயப்படும். வந்ததும் கரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நின்ற அட்டையை மேல் வரியிலிருந்து தொடங்குங்கள். பேச்சாளர் நடுவில் நின்றிருந்தால் அவருடைய கடைசி வசனத்தை நினைவுபடுத்திக் கொடுங்கள், பெரியவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை நன்றி சொல்றது சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு போட்டிருக்கு. அப்ப ஆரும் இருக்கமாட்டினமே?

சரியாகப் பிடித்தீர்கள். நன்றியுரையைச் சாப்பாட்டு அட்டைக்கு நேர் முன்னால் வையுங்கள். இன்னும் நல்லது, அழைப்பை மாப்பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பது: இரண்டு நிமிட நன்றி, கடைசி வசனமாக “எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.” அதன்பின் நீங்கள் மைக்கை வாங்கி, மேலே சொன்ன மாதிரி வரிசைகளைக் கூப்பிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, கதவடித் தம்பி கையை உயர்த்திய பிறகுதான் மாப்பிள்ளையை எழுப்புவது. கிறிஸ்தவ வீட்டு ரிசெப்ஷனில் டோஸ்ட் இருந்தால் அது கேக்குக்குப் பின்னால் வரும், எல்லார் கையிலும் கோப்பை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே அடையாளம்.

நடுவில ஆக்கள் வந்து “இந்த வாகனத்தை எடுக்கச் சொல்லுங்கோ” எண்டு துண்டு தருவினம். வாசிக்கிறதா?

பேச்சுக்கும் சடங்குக்கும் நடுவில் வாசிக்க வேண்டாம். துண்டை வாங்கி அட்டைக்கட்டின் அடியில் செருகி, அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் இலக்கத்தை இரண்டு முறை, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள். பிள்ளை காணாமல் போனது மட்டும் விதிவிலக்கு. யார் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே மைக்கை வாங்கி, பிள்ளையின் சட்டை நிறத்தையும் எங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒருமுறை அப்படி அறிவித்தபோது பிள்ளை கேக் மேசைக்குக் கீழே, கிரீம் பூசிய விரலோடு உட்கார்ந்திருந்தான்.